அத்தை இரவில் போன் செய்வதை நிறுத்தச் சொல்லவேண்டும், குறை சொல்வது போல இருக்கக் கூடாது

முதல்பஸ்_ஈசூன்

வணக்கம். சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன். போன மாதத்திலிருந்து எனக்குக் காலை ஷிப்ட். 4:50க்கு டிப்போவில் இருக்கவேண்டும், அதனால் 3:45க்கு எழுந்துவிடுவேன். இரவு 9 மணிக்குப் படுத்தால்தான் உடம்பு தாங்கும்.

மன்னார்குடியில் என் அத்தை இருக்கிறார். அப்பாவின் அக்கா. அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவர். மாமா போன வருடம் தவறிவிட்டார், இப்போது வீட்டில் தனியாக இருக்கிறார். வாரத்தில் நாலைந்து நாள் எனக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார், ஊர் நேரம் ஒன்பதேகாலுக்கு. இங்கே அப்போது 11:45. நல்ல தூக்கத்தில் இருப்பேன். ஊரிலிருந்து அந்த நேரத்தில் போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும், மாமா போன செய்தியும் அப்படித்தான் வந்தது. எடுத்தால் "சாப்பிட்டியாப்பா" என்பார். பத்து நிமிடம் பேசிவிட்டு வைப்பார். திரும்பத் தூங்க ஒரு மணி ஆகிவிடும்.

மெசேஜ் அனுப்பலாம் என்று இப்படி எழுதினேன்:

"அத்தை, நீங்க தினமும் ராத்திரி 12 மணிக்கு போன் பண்றீங்க. எனக்கு காலையில சீக்கிரம் எழுந்திரிக்கணும், தூக்கம் கெடுது. தயவுசெஞ்சு இனிமே லேட்டா போன் பண்ணாதீங்க."

மூன்று நாளாக அனுப்பாமல் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே முகத்தில் அடித்தது போல இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை. எல்லாம் உண்மைதானே எழுதியிருக்கிறேன்?

உட்லண்ட்ஸ்வாசி

மெசேஜே வேண்டாம் அண்ணே. படுக்கும்போது போனை சைலண்டில் போடுங்க. எடுக்கலைன்னா நாலு நாளில் அவங்களே புரிஞ்சுக்குவாங்க. எழுத்தில் போட்டால்தான் மனஸ்தாபம்.

முதல்பஸ்_ஈசூன்

அதைச் செய்து பார்த்தேன். நான் எடுக்கவில்லை என்றதும் பயந்துபோய் என் மனைவிக்குக் கூப்பிட்டார், அப்புறம் ஷார்ஜாவில் இருக்கும் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "பஸ்ஸுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா" என்று அழுதிருக்கிறார். காலையில் நான் கூப்பிடும் வரை அவர் தூங்கவில்லை.

காலாங்_கரை

வேண்டாத அழைப்புகளுக்கு டிஎன்சி பதிவேடு இருக்கே. உங்க நம்பரைப் பதிஞ்சு வெச்சா போதும், இலவசம்தான். மோசடி அழைப்புன்னா 1799க்கு அடிச்சுக் கேட்கலாம்.

உட்லண்ட்ஸ்வாசி

@காலாங்_கரை, அது விளம்பரக்காரங்களுக்கு. இவர் சொல்றது வளர்த்த அத்தையை.

காலாங்_கரை

சரியா வாசிக்காம எழுதிட்டேன், மன்னிக்கவும்.

தேக்கா_பெரியவர்

தம்பி, அண்டை வீட்டார் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இடத்தில் பல வருடம் தொண்டூழியராக இருந்தேன். மேல்மாடியில் நாற்காலி இழுக்கிறார்கள், ராத்திரி பாத்திரம் உருட்டுகிறார்கள் என்று வருவார்கள். பாதிப் பேர் முதலில் ஒரு கடிதம் எழுதிக் கதவிடுக்கில் வைத்திருப்பார்கள். அந்தக் கடிதத்திலிருந்துதான் சண்டையே தொடங்கியிருக்கும். அதனால் உங்கள் மெசேஜை நிதானமாகப் பார்த்தேன்.

"எல்லாம் உண்மைதானே" என்கிறீர்கள். உங்கள் கடிகாரத்தில் உண்மை. அத்தையின் கடிகாரத்தில் அவர் ஒருநாளும் 12 மணிக்குப் போன் செய்ததில்லை. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஒன்பதேகாலுக்குச் செய்கிறார். அவரைப் பொறுத்தவரை அது மரியாதையான நேரம். அவரிடம் போய் "ராத்திரி 12 மணிக்கு" என்றால் செய்யாத தப்பைச் சொல்வது போலத்தான் கேட்கும். "தினமும்" என்பதும் அப்படியே. நாலைந்து நாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரி மெசேஜைப் படிப்பவர் முதலில் எண்ணிப் பார்ப்பார். "ஞாயித்துக்கிழமை பண்ணலியே" என்று மனம் அதிலேயே நின்றுவிடும், உங்கள் தூக்கம் அவர் கண்ணில் படாது.

அடுத்தது "தயவுசெஞ்சு". ஆபீசில் அது பணிவு. வளர்த்த அத்தையிடம் அந்தச் சொல்லை நீங்கள் இதுவரை பேசியிருக்கவே மாட்டீர்கள். திடீரென்று எழுதினால் அந்நியமாகப் போய்விட்டான் என்று படும். "இனிமே" என்பது கணக்கை முடிக்கும் சொல்.

நம் மொழியிலேயே இதற்கு வழி இருக்கிறது. "நீங்க என் தூக்கத்தைக் கெடுக்கிறீங்க" என்றால் அவர் ஏதோ செய்கிறார். "எனக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கம் பிடிக்க மாட்டேங்குது" என்றால் யாரும் எதுவும் செய்யவில்லை, உங்களுக்கு நடக்கிறது, அவ்வளவுதான். "நீங்க போன் பண்ணினா" என்பதை "போன் அடிச்சா" என்று மாற்றிப் பாருங்கள். பொருள் அதேதான், விரல் மட்டும் யாரையும் நீட்டிக் காட்டாது.

ஆனால் இதையே மெசேஜ் முழுக்கச் செய்யாதீர்கள். சிலர் மென்மையாக எழுதி எழுதி, கடைசியில் என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும். அத்தை "பாவம் பிள்ளைக்குத் தூக்கம் வரலியாம்" என்று அன்றைக்கு ராத்திரி ஒன்பதேகாலுக்கே கூப்பிட்டு விசாரிப்பார். எந்த நேரம் வேண்டும் என்பதை ஒரே ஒரு வரியில் நேராகச் சொல்லிவிடவேண்டும்.

செங்காங்_டீச்சர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே தொல்லைதான். வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒரு மாணவனின் அம்மா இரவு 11 மணிக்கு மேல் கூப்பிட்டு, தமிழ்க் கட்டுரையில் ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்கிறார். இங்கே நேர வித்தியாசமும் இல்லை, இரண்டு பேரும் ஒரே ஊர். "எனக்கு முழிப்பு வந்துடுது" என்று நான் எழுதினால் "ஓ, தூங்கிட்டீங்களா டீச்சர், நாளைக்குப் பேசறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் 11 மணிக்கே வருகிறார்.

தேக்கா_பெரியவர்

டீச்சர், உங்களுடையது வேறு. அந்த அம்மா உங்கள் வேலைக்குப் பணம் கொடுக்கிறார், வேலை நேரம் என்று ஒன்று இருக்கிறது. பேசும் நேரம் இது என்று எல்லாப் பெற்றோருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பாக அனுப்பலாம், அவரைத் தனியாகச் சுட்டாமல். அத்தைக்கு அறிவிப்பு அனுப்ப முடியாது.

முதல்பஸ் தம்பி, ஒன்று கேட்கவேண்டும். அந்த ஒன்பதேகால் ஏன்? மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாமே, ஏன் கூப்பிடுவதில்லை?

முதல்பஸ்_ஈசூன்

நான் யோசித்ததே இல்லை. நேற்று ஓய்வு நாள், நானே பகலில் கூப்பிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். நேரடியாகக் கேட்கவில்லை. பேச்சோடு பேச்சாக அவரே சொன்னார். மாமா மளிகைக் கடையை ஒன்பது மணிக்கு அடைத்துவிட்டு ஒன்பதேகாலுக்கு வீட்டுக்கு வருவார். சைக்கிளைத் திண்ணையில் சாய்க்கும் சத்தம் கேட்டதும் அத்தை தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். இப்போதும் அந்த நேரத்துக்குக் காது வாசலுக்குப் போய்விடுகிறதாம். "அப்பத்தான் உன் ஞாபகம் வரும்" என்றார்.

இதைக் கேட்டபிறகு மெசேஜ் அனுப்பவே மனசு வரவில்லை.

ஜூரோங்_மீனா

அண்ணா, நான் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ், எனக்கும் காலை ஷிப்ட் உண்டு. மனசு வரவில்லை என்று விடாதீர்கள். நீங்கள் ஓட்டுவது பஸ். வாரத்தில் நாலைந்து நாள் துண்டு துண்டான தூக்கத்தோடு ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அதை அத்தையிடம் எழுதாதீர்கள். "தூக்கக் கலக்கத்தில பஸ் ஓட்டறேன்" என்று ஒரு வரி போட்டால் அந்த அம்மாவுக்கு இரவு முழுக்க அதே நினைப்பாகிவிடும். காரணம் உண்மையாக இருந்தால் போதும், பயமுறுத்தும் அளவுக்குப் போகவேண்டாம். எழுந்திருக்கும் நேரத்தைச் சொன்னாலே அவருக்குப் புரியும். 3:45 என்றால் ஊரில் அது நடு ராத்திரி ஒன்றேகால்.

உட்லண்ட்ஸ்வாசி

இல்லேன்னா ஒரு சின்னப் பொய். கம்பெனியில் புது ரூல், 9 மணிக்கு மேல் போன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. யார் மனசும் நோகாது.

தேக்கா_பெரியவர்

ஒரு நாள் 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆன்லைன் என்று காட்டினால் போதும், அந்தப் பொய் போய்விடும். அதன்பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னாலும் அத்தை நம்பமாட்டார். உண்மையே போதுமான அளவு நல்ல காரணமாக இருக்கும்போது எதற்கு?

முதல்பஸ்_ஈசூன்

எல்லோரும் சொன்னதை வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன். ஊர் நேரம் ஐந்து மணி என்றால் இங்கே 7:30. நான் சாப்பிட்டு முடித்திருப்பேன். அத்தை ஆறு மணிக்கு விளக்கேற்றுவார், அதற்கு முன்னால் காபி குடிக்கும் நேரம் அது.

"அத்தை, காபி குடிச்சாச்சா? ஒரு விஷயம் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். போன மாசத்திலேர்ந்து எனக்கு முதல் பஸ் போட்டிருக்காங்க. உங்களுக்கு ராத்திரி ஒன்னேகால் ஆகும்போது நான் இங்க எழுந்திரிக்கணும். அதனால சீக்கிரமே படுத்துடுறேன். உங்களுக்கு ஒன்பதேகால்னா இங்க பன்னெண்டு அடிக்கப் போகும். அப்ப போன் அடிச்சா ஊர்ல என்னமோன்னு பதறிப்போய் முழிச்சுக்கிறேன், அப்புறம் தூக்கம் பிடிக்க மாட்டேங்குது. இதை நான் அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு. உங்க அஞ்சு மணிக்கு நானே தினம் கூப்பிடுறேன் அத்தை, ராத்திரிக்குப் பதிலா அப்ப பேசிக்கலாம். ஏதாவது அவசரம்னா எந்த நேரம்னாலும் அடிங்க, யோசிக்கவே வேண்டாம்."

ஜூரோங்_மீனா

நேரம் எல்லாவற்றையும் அவர் கடிகாரத்தில் சொன்னது நன்றாக இருக்கிறது. இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் வேலை அவருக்கு இல்லை.

"என் தப்பு" மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்? பெரியவர்களிடம் எதைக் கேட்டாலும் முதலில் நாம் குனியவேண்டும் என்று பழகிவிட்டோம்.

தேக்கா_பெரியவர்

நான் அதை வைத்திருப்பேன் அம்மா. அது குனிவதற்காக இல்லை. படித்து முடித்ததும் அத்தைக்கு "அய்யோ, இத்தனை நாள் பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்துவிட்டேனே" என்று தோன்றும். அந்தக் குற்ற உணர்ச்சிக்கு முன்கூட்டியே ஒரு பதில் அது: தெரியாதபோது அது உங்கள் பொறுப்பு இல்லை, தெரியப்படுத்தாதது நான்.

ஜூரோங்_மீனா

"நான் சொல்லலை, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று எழுதினாலே அது வந்துவிடுகிறதே. தப்பு என்ற சொல் எதற்கு?

தேக்கா_பெரியவர்

அப்படியும் எழுதலாம். எது என்று தம்பியே பார்த்துக்கொள்ளட்டும், அத்தையை அறிந்தவர் அவர்.

இன்னும் இரண்டு விஷயம். ராத்திரி போன் வந்து முழித்த கையோடு அனுப்பாதீர்கள், அந்த எரிச்சல் எப்படியாவது ஒரு சொல்லில் ஒட்டிக்கொள்ளும். அவரும் தனியாக இருக்கும் நேரத்தில் அதைப் படிக்கவேண்டாம். அவருக்குப் பகல் பத்து மணி வாக்கில், அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது போய்ச் சேரட்டும். அப்புறம், அத்தை எழுத்து வாசிப்பாரா, கேட்பாரா?

முதல்பஸ்_ஈசூன்

கண்ணாடி போட்டு மெதுவாக வாசிப்பார். வாய்ஸ் மெசேஜ்தான் அவருக்குப் பழக்கம்.

தேக்கா_பெரியவர்

அப்படியானால் எழுதியதைப் பார்த்துக் குரலில் சொல்லுங்கள். எழுத்தில் வெறும் தகவலாக நிற்கும் வரி, உங்கள் குரலில் வரும்போது கொஞ்சலாகிவிடும். மனப்பாடமாக ஒப்பிக்காதீர்கள், நடுவில் "அப்புறம் அத்தை" என்று மூச்சு விட்டால் நல்லதுதான். ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும்.

உட்லண்ட்ஸ்வாசி

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கு. தொந்தரவு செய்யாதே என்கிற செட்டிங்கைப் போட்டுக்கிட்டு, திரும்பத் திரும்ப அடிச்சா மட்டும் விடுற மாதிரி வைக்கலாம். ஐபோனில் மூணு நிமிஷத்துக்குள் ரெண்டாவது தடவை அடிச்சா மணி கேட்கும். அத்தையிடம் "அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க"ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.

ஜூரோங்_மீனா

அது சாதாரணப் போன் அழைப்புக்குச் சரி. என் போனில் வாட்ஸ்அப் அழைப்பை வைத்துச் சோதித்தபோது இரண்டாவது தடவையும் மணி அடிக்கவில்லை. உங்கள் போனில் எப்படி என்று அத்தையிடம் சொல்வதற்கு முன்னால் மனைவியை இரண்டு தடவை கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். நம்பிக்கொண்டு இருந்துவிட்டு, உண்மையான அவசரத்தில் கேட்காமல் போனால் எப்படி?

முதல்பஸ்_ஈசூன்

பார்த்தேன், என் போனிலும் வாட்ஸ்அப்பில் கேட்கவில்லை. சாதாரண அழைப்பு என்றால் கேட்கிறது, ஆனால் அத்தையின் போனிலிருந்து வெளிநாட்டுக்கு அப்படி அடிக்கக் காசு போட்டு வைப்பதில்லை. அதனால் என் போனை சைலண்டில் போட்டுவிட்டு, அவசரம் என்றால் என் மனைவிக்கு அடிக்கச் சொல்லப்போகிறேன். அவள் 11 மணிக்குப் பிறகுதான் படுப்பாள், வேலைக்கு ஒன்பது மணிக்குப் போனால் போதும். அவளே சரி என்றாள். மெசேஜில் கடைசி வரியை அப்படி மாற்றிக்கொண்டேன்.

நாளைக்கு மதியம் 12:30 இடைவேளையில் அனுப்புகிறேன்.

செங்காங்_டீச்சர்

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். நான் என் பெற்றோர் குழுவுக்கு அறிவிப்புப் போட்டேன். எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள், அந்த அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை.

முதல்பஸ்_ஈசூன்

அனுப்பி ஐந்து நாள் ஆகிறது.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "சரிப்பா, தொந்தரவு பண்ண மாட்டேன், நல்லா தூங்கு." கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொல்லியும் "தொந்தரவு" என்கிற சொல் வந்துவிட்டதே.

தேக்கா_பெரியவர்

அந்தச் சொல் வந்தால் மெசேஜ் முழுசாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். வேண்டாம் என்றது மட்டும் சேர்ந்திருக்கிறது, ஐந்து மணி என்றது சேரவில்லை. அதை இன்னொரு மெசேஜ் போட்டு விளக்காதீர்கள். ஐந்து மணிக்குக் கூப்பிடுங்கள். முதல் வாரம் ஒருநாளும் தவறக்கூடாது. இரண்டு நாள் தவறினால் "சும்மா சொன்னான்" என்றாகிவிடும்.

முதல்பஸ்_ஈசூன்

அன்றைக்கே கூப்பிட்டேன். மூன்று நாள் சரியாகப் போயிற்று. இரண்டாவது நாள் அவர் கொஞ்சம் விறைப்பாகத்தான் பேசினார், "வேலை இருந்தா வெச்சிடுப்பா" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது நாள் பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதைச் சொல்ல ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினார். நாலாவது நாள் ஷிப்ட் முடிந்து வெளியே போன வேலை இழுத்துவிட்டது, 8:20க்குத்தான் வீட்டுக்கே வந்தேன். ஊரில் விளக்கேற்றப் பத்து நிமிடம்தான் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

இன்னொன்று. ஒன்பதேகால் மணி அப்படியே காலியாகக் கிடக்கிறதே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு நான் பேசுவதால் சைக்கிள் சத்தம் கேட்கும் நேரம் போய்விடாது. தம்பியிடம் பேசினேன். ஊரில் ஒன்பதேகால் என்றால் ஷார்ஜாவில் 7:45, அவன் அறைக்கு வந்து சமைக்கும் நேரம். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்பதால்தான் அத்தை அவனைக் கூப்பிடுவதே இல்லை. BOTIM என்கிற ஆப் வழியாகப் பேசலாம் என்கிறான், ஆனால் அத்தையின் போனில் யாராவது அதை ஏற்றிக் கொடுக்கவேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் காலேஜிலிருந்து சனிக்கிழமை வருவான், செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறான்.

உட்லண்ட்ஸ்வாசி

நல்ல ஏற்பாடு. இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன் நான்.

ஜூரோங்_மீனா

அத்தை தம்பியிடம் பேச விரும்புவாரா என்று கேட்டீர்களா? அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வருவது நீங்கள்தானே.

முதல்பஸ்_ஈசூன்

கேட்கவில்லை. தம்பியையும் அவர்தான் வளர்த்தார், ஆனால் நீங்கள் சொல்வது எனக்கும் உறுத்துகிறது. சனிக்கிழமைக்குப் பிறகுதான் தெரியும். மாமாவின் முதல் வருடத் திதி அடுத்த மாதம். அன்றைக்கு ஒன்பதேகாலுக்கு நானே கூப்பிடுவதாக இன்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். மறுநாளைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

செங்காங்_டீச்சர்

பெரியவர் ஐயா, அந்த அம்மா நேற்று 10:50க்குக் கூப்பிட்டார். "பதினொன்னுக்கு முன்னாடிதான் டீச்சர்" என்கிறார். அறிவிப்பில் நான் "இரவு தாமதமாக வேண்டாம்" என்று மட்டும் போட்டிருந்தேன், மணி போடவில்லை.

தேக்கா_பெரியவர்

மணியைப் போட்டு மறுபடியும் எல்லோருக்கும் அனுப்புங்கள் டீச்சர். எத்தனை மணி வரை பேசலாம் என்று போடுங்கள், எத்தனை மணிக்கு மேல் கூடாது என்று போடாதீர்கள்.